ஐந்து விநாடிக் காட்சியும் அதன் பின்னுள்ள கணக்கும்

கடந்த 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டைப் புரட்டிப் போட்ட நாட்களில், உண்மையான வெள்ளக் காட்சிகளோடு கணினியால் ஆக்கப்பட்ட போலிக் காட்சிகளும் கலந்து கைத்தொலைபேசிகளில் பரவின. அவ்வாறான காட்சிகளுள் பெரும்பாலானவை ஐந்து முதல் பத்து விநாடிகளுக்குள் முடிந்து விடுகின்றன. இந்தக் குறுக்கம் தற்செயலானதன்று. எழுத்தில் தரப்படும் ஒரு விவரணத்தை அசையும் காட்சியாக மாற்றும் முறையிலேயே அதன் காரணம் இருக்கின்றது. அதனை நமது வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது பயனுடையது என்று கருதுகின்றோம்.

உதாரணமாக, 'உரும்பிராயில் செம்மண் தோட்டத்தில் ஒருவர் மண்வெட்டியால் பாத்திக்குப் பாத்தி வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகின்றார்' என்ற ஒரு வாக்கியத்தை எடுத்துக் கொள்வோம். இதனைச் சீனாவின் அலிபாபா நிறுவனம் 2025 பெப்ரவரியில் எவரும் இறக்கிப் பயன்படுத்தக் கூடியவாறு வெளியிட்ட 'வான் 2.1' என்னும் மென்பொருளிடம் கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். அதன் உள்ளமைப்பு பகிரங்கமாக இருப்பதால், கணக்கை நாமே போட்டுப் பார்க்க முடிகின்றது.

முதலில் வாக்கியம் எண்களின் வரிசையாக மாற்றப்படுகின்றது. செம்மண், தோட்டம், மண்வெட்டி, தண்ணீர் என்பனவற்றின் பொருள் அவ்வெண்களில் தங்குகின்றது. (இம்மென்பொருள் சீனத்துக்கும் ஆங்கிலத்துக்குமென ஆக்கப்பட்டது, ஆகவே வாக்கியத்தை ஆங்கிலத்தில் கொடுப்பதே பலன் தரும்.) உரும்பிராய் என்ற பெயரால் அநேகமாக எதுவும் நிகழாது. மென்பொருள் கற்ற காட்சிகளில் அந்த ஊர் இடம்பெற்றிருப்பது அரிது. எனவே கிடைப்பது எங்கோ ஒரு செம்மண் நிலம், யாரோ ஒரு விவசாயி. நமது கிணறும் பனை வேலியும் அதில் வந்தால் அது அதிர்ஷ்டமே.

அடுத்து நிகழ்வதுதான் பலரும் எண்ணுவதற்கு மாறானது. கணினி முதற் படத்தை வரைந்து, பின்னர் இரண்டாவதை வரைந்து என்று தொடர்ந்து செல்வதில்லை. ஐந்து விநாடிக் காட்சி முழுவதற்குமான இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி, அதனை வெறும் இரைச்சலால், அதாவது பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் அலைவரிசை இல்லாதபோது தெரியும் புள்ளிக் குழப்பத்தைப் போன்றதொன்றால், நிரப்புகின்றது. பயிற்சியின்போது ஏராளமான உண்மைக் காட்சிகளில் இரைச்சலை வேண்டுமென்றே கலந்து, கலந்த இரைச்சல் எது என்று கண்டுபிடிக்க அதற்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. இப்போது அந்தப் பயிற்சியைத் திருப்பிப் பயன்படுத்தி, வாக்கியத்துக்குப் பொருந்தாத இரைச்சலை ஏறத்தாழ ஐம்பது படிகளில் சிறிது சிறிதாக நீக்குகின்றது. ஆரம்பப் படிகளில் நிலம் எங்கே, மனிதர் எங்கே, அசைவு எத்திசையில் என்பன தீர்மானமாகின்றன. பிந்திய படிகளில் வெங்காயத் தாளும் நீரின் பளபளப்பும் தெளிகின்றன. இருட்டறையில் இரசாயனத் தட்டில் கிடக்கும் புகைப்படத் தாளில் உருவம் எழுவதைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வேறுபாடு என்னவெனில், இங்கே முதல் விநாடியும் ஐந்தாம் விநாடியும் ஒருங்கே எழுகின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். ஐந்து விநாடிக் காட்சிக்கு, விநாடிக்கு 16 படம் வீதம், தொடக்கப் படத்தையும் சேர்த்து 81 படங்கள் வேண்டும். அகலத்தில் 832, உயரத்தில் 480 புள்ளிகள் என்றால் மொத்தம் மூன்று கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள். இவ்வளவையும் நேரடியாகக் கையாள இயலாது. ஆகவே 16க்கு 16 புள்ளி கொண்ட சதுரங்களாகப் படம் வெட்டப்படுகின்றது. நேரத்திலும் நான்கு நான்கு படங்கள் ஒன்றாகச் சுருக்கப்படுகின்றன. அவ்வாறு சுருங்கிய 21 அடுக்குகளில் அடுக்குக்கு 1,560 சதுரங்கள் வீதம் 32,760 துண்டுகள் எஞ்சுகின்றன.

இத்துண்டுகள் ஒவ்வொன்றும் ஏனைய எல்லாத் துண்டுகளையும் பார்த்தே தன்னைத் திருத்திக் கொள்கின்றது. அவ்வாறு பாராவிடின், முதல் விநாடியில் நீலச் சாரம் கட்டியிருந்தவர் நான்காம் விநாடியில் வேறு நிறச் சாரத்தில் நிற்பார். வாய்க்காலில் வந்த நீர் பாத்தியைச் சென்றடையாது. 32,760 துண்டுகள் தம்முள் ஒன்றையொன்று பார்ப்பதென்றால் ஒரு தடவைக்கு ஏறத்தாழ 107 கோடி ஒப்பீடுகள். காட்சியைப் பத்து விநாடியாக்கினால் துண்டுகள் இரு மடங்காகும்; ஒப்பீடுகளோ நான்கு மடங்காகி 400 கோடியைத் தாண்டும். ஒரு நிமிடக் காட்சிக்கு அவை 14,000 கோடிக்கும் மேலே போய்விடும். நேரம் பன்னிரண்டு மடங்காக, ஒப்பீட்டு வேலை 130 மடங்காகின்றது. இந்த ஒப்பீடு ஒருமுறை நிகழ்ந்து முடிவதுமன்று. ஐம்பது படிகளில் ஒவ்வொன்றிலும், வலையமைப்பின் ஒவ்வோர் அடுக்கிலும் மீண்டும் நிகழ்கின்றது. வான் 2.1 இன் சிறிய வடிவமே, வீட்டுக் கணினிகளுக்கெனக் கிடைத்த மிகச் சக்தி வாய்ந்த அட்டைகளுள் ஒன்றான என்விடியா 4090 இல் இந்த ஐந்து விநாடிக்குச் சுமார் நான்கு நிமிடம் எடுப்பதாக அதன் ஆக்குநர்கள் கூறியுள்ளனர்.

பெரு நிறுவனங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 பெப்ரவரியில் 'சோரா'வை அறிமுகப்படுத்தியபோது ஒரு நிமிடம் வரையிலான காட்சி என்றது; அதே ஆண்டு டிசெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தபோது கிடைத்தது 20 விநாடி. கூகிளின் 'வியோ 3' 2025 மே மாதத்தில் எட்டு விநாடியோடு வந்தது.

அப்படியாயின் துண்டு துண்டாக ஆக்கி ஒட்டினால் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அதுதான் செய்யப்படுகின்றது. முதல் ஐந்து விநாடியின் இறுதிப் படத்தைக் கொடுத்து அடுத்த ஐந்து விநாடியை ஆக்குவர். ஆனால் அந்த ஒரு படத்தில் இல்லாத யாவும் மறக்கப்பட்டுவிடும். வாழைப் பற்றைக்குப் பின்னே சென்ற தோட்டக்காரர் திரும்பி வரும்போது வேறு முகத்தோடு வரலாம். சாய்த்து வைத்த மண்வெட்டி இல்லாமற் போகலாம். சிறு பிழைகளும் வட்டிக்கு வட்டியாகக் கூடுகின்றன. ஒட்டிக்கொண்டே போகப் போகச் செம்மண் இயல்புக்கு மீறிச் சிவக்கும். முகத்தின் நுண்கோடுகள் மழுங்கும். கடந்த படங்களை மேன்மேலும் சுருக்கி நினைவில் வைத்து நீண்ட காட்சிகளை ஆக்கும் முறைகள் 2025 இல் வெளிவந்துள்ளன. அவை செலவைக் குறைக்கின்றன. ஆயினும் சுருக்கப்பட்ட நினைவு மங்கிய நினைவே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தீங்கு விளைவிக்க நீளமான காட்சி தேவையில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், சிங்களம் நன்கு அறியாத முஸ்லிம் உணவக ஊழியர் ஒருவர், உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கேட்கப்பட்ட கேள்விக்குக் குழப்பத்தில் ஆமென்பது போற் சொன்ன சிறு காட்சி பேஸ்புக்கில் பரவியது. மாத்திரை எனப்பட்டது மாக்கட்டி என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் தெரிவித்தார். அதற்கிடையில் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அது கணினி ஆக்கியதன்று, கைத்தொலைபேசியில் எடுத்தது. இன்று அத்தகைய சில விநாடிகளுக்குக் கைத்தொலைபேசியும் வேண்டாம், ஊழியரும் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும்.

எனவே குறுகியது என்பதால் ஒரு காட்சி போலியென்று தீர்த்துவிட முடியாது. உண்மைக் காட்சிகளையும் மக்கள் வெட்டியே அனுப்புகின்றனர். கவனிக்க வேண்டியது வேறு. ஒரு நிமிடக் காட்சியாயின் ஐந்து, எட்டு, பத்து விநாடிக்கொரு தடவை கோணம் மாறுகின்றதா என்று எண்ணிப் பாருங்கள். மாறிய பின்னர் அதே சட்டைப் பொத்தான்களும் அதே பெயர்ப்பலகையும் அதே எண்ணிக்கை மனிதர்களும் இருக்கின்றனரா என்று நிறுத்திப் பாருங்கள். கோவிலோ பள்ளிவாசலோ எரிவதாக ஒரு காட்சி வந்தால், அனுப்பியவரிடம் வெட்டப்படாத முழுப் பதிவைக் கேளுங்கள். நேரில் நின்று எடுத்தவரிடம் அதற்கு முந்திய விநாடியும் பிந்திய விநாடியும் பெரும்பாலும் இருக்கும். அவ்விடத்தில் நின்ற இன்னொருவர் வேறு கோணத்தில் எடுத்ததும் கிடைக்கலாம். இரைச்சலிலிருந்து எழுந்த காட்சிக்கு முந்திய விநாடி என்று ஒன்று இல்லை.