நாலு பொருள், ஒரு ரூபாய் வித்தியாசம்

ஹார்டுவேர் கடையில் நாலு சாமான் வாங்குகிறோம். வரி சேர்க்காத விலை முறையே ரூ.37.50, ரூ.20.50, ரூ.15.50, ரூ.12.50. கூட்டினால் சரியாக 86 ரூபாய். எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மத்திய அரசுக்கு 9, மாநில அரசுக்கு 9 எனப் பில்லில் இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

மொத்தத்துக்கு வரி போட்டால், 86 ரூபாய்க்கு 9 சதவீதம் ரூ.7.74. இரண்டு வரியும் சேர்த்து ரூ.15.48. பில் தொகை ரூ.101.48.

இப்போது பொருள் பொருளாகப் போடுவோம். 37.50க்கு 9 சதவீதம் 3.375. அரை பைசாவைப் பில்லில் எழுத முடியாதே, அதனால் 3.38 ஆகிறது. மற்ற மூன்றும் 1.845, 1.395, 1.125 என்று அதே அரை பைசாவில்தான் முடிகின்றன, அவை 1.85, 1.40, 1.13 ஆகும். கூட்டுத்தொகை ரூ.7.76. இரண்டு வரிக்கும் ரூ.15.52, பில் தொகை ரூ.101.52.

நாலு பைசாதானே என்று விடலாம். ஆனால் கடைக்காரர் கடைசியில் 'ரவுண்ட் ஆஃப்' போடுவார். 101.48 கீழே இறங்கி 101 ஆகும், 101.52 மேலே ஏறி 102 ஆகும். நாலு பைசா ஒரு ரூபாயாக நிற்கிறது. இத்தனைக்கும் இரண்டு கணக்கிலும் பிழை இல்லை. முதலாவதில் பைசாவுக்கு முழுமையாக்க வேண்டிய தேவையே வரவில்லை, இரண்டாவதில் எட்டு முறை வந்தது.

வேண்டுமென்றே எல்லாம் மேலே ஏறும்படி விலைகளைப் பொறுக்கியிருக்கிறேன். நிஜ பில்லில் சில வரிசை ஏறும், சில இறங்கும். பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அரை பைசா வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் வழக்கமும் சில மென்பொருள்களில் உண்டு. அப்படிச் செய்தால் நம் நாலு வரிசையும் 3.38, 1.84, 1.40, 1.12 ஆகி, கூட்டுத்தொகை அதே 7.74 வந்துவிடும்.

பொருளுக்குப் பொருள் போடும் முறைக்கு ஒரு வசதி இருக்கிறது. 20.50 ரூபாய் சாமானைத் திருப்பிக் கொடுத்தால், அந்த வரிசையில் உள்ள ரூ.24.20ஐ அப்படியே கழித்துவிடலாம். மொத்தத்துக்குப் போட்ட பில்லில் அந்தச் சாமானின் பங்கு எவ்வளவு என்று மறுபடி கணக்குப் போட வேண்டும்.

வாங்குபவர், விற்பவர் இருவரின் மென்பொருளும் வேறு வேறு முறையில் போட்டால் புத்தகம் பைசாவில் ஒட்டாது. அது முழுமையாக்கலால் வந்ததா, உண்மையான தவறா? ஒரு வரிசைக்கு, ஒரு வரிக்கு, அதிகபட்சம் அரை பைசாதான் நகர முடியும். மொத்தத்தை முழுமையாக்குவதில் இன்னொரு அரை பைசா. நாலு வரிசை, இரண்டு வரி என்றால், கடைசி ரவுண்ட் ஆஃபுக்கு முன் ஐந்து பைசாவுக்கு மேல் வித்தியாசம் வரவே வழியில்லை. பன்னிரண்டு பைசா வந்தால் வரி சதவீதத்தையோ தள்ளுபடியையோ போய்ப் பாருங்கள்.