பால் பொங்கியாச்சா, பெரியப்பா?

போன பொங்கலன்று காலையில் என் அக்கா மகன் சென்னையிலிருந்து கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் தன் பெரியப்பாவுக்கு ஒரு வரி அனுப்பினான்: "இனிய பொங்கல் வாழ்த்துகள்." ஒரு மணி நேரம் கழித்துப் பெரியப்பாவிடமிருந்து பதில் வந்தது: "யாரு?"

எண் மாறிப்போயிருந்தது, பேர் தெரியவில்லை. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது. "என்ன மாமா எழுதுறது?" என்று கேட்டான். இருவரும் உட்கார்ந்து எழுதினோம்.

முதல் சிக்கல் "வாழ்த்து" என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் வழக்கத்தில் வாழ்த்துவது பெரியவர்கள் வேலை. சின்னவர்கள் வணங்கி ஆசி வாங்க வேண்டும். அதனால் எழுபது வயதுக்காரருக்கு "வாழ்த்துகிறேன்" என்று எழுதினால் அவர் காதுக்கு உறுத்தும். வாழ்த்தை வீட்டிலுள்ள மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டு, அவருக்கு வணக்கம் சொல்வதே சரி. "தெரிவித்துக்கொள்கிறேன்" என்பதும் வேண்டாம். அது மேடைப் பேச்சு, வீட்டுப் பேச்சு அல்ல.

அடுத்தது, எதைக் கேட்பது. பொங்கலன்று ஊரில் ஒருவரையொருவர் பார்த்தால் வாழ்த்தா சொல்கிறார்கள்? "பால் பொங்கியாச்சா?" என்றுதானே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பேச்சு வளர்ந்துவிடும். அதோடு அந்த வீட்டுக்கு மட்டுமே பொருந்துகிற ஒரு கேள்வி வேண்டும். பெரியப்பாவுக்கு மானாவாரி நிலம். தை மாதம் அங்கே உளுந்து, பாசிப்பயறு எடுக்கிற நேரம். அதைக் கேட்கச் சொன்னேன். நல்ல நாளும் அதுவுமாக முழங்கால் வலியை விசாரிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். அதை இரண்டு நாள் கழித்துப் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியில் இப்படி வந்தது:

"அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் வணக்கம். இங்கே நாங்கள் மூவரும் நலம். வீட்டில் பால் பொங்கியாச்சா? நாங்கள் ஏழரை மணிக்குப் பானை வைத்தோம். கேஸ் அடுப்புதான், ஆனாலும் பெரியம்மா சொல்லிக்கொடுத்தபடி பானைக்கு மஞ்சள்கொத்து கட்டினோம். பாப்பாதான் முதல் கைப்பிடி அரிசி போட்டாள். உளுந்து எடுத்தாச்சா பெரியப்பா? அண்ணன், மதினி, பிள்ளைகள் எல்லாருக்கும் எங்கள் பொங்கல் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். சிவராத்திரிக்குக் குலதெய்வம் கோயிலுக்கு வரும்போது நேரில் வந்து கும்பிடுகிறோம். எங்களை ஆசீர்வாதம் பண்ணுங்கள். உங்கள் மகன், சென்னைத் தம்பி வீட்டுச் சின்னவன்."

பெரியவர்கள் பெயரில் தொடங்கி, உறவில் முடிகிறது. கடைசி வரி இருந்திருந்தால் "யாரு?" என்ற கேள்வியே வந்திருக்காது. பெரியம்மாவை முதல் வரியிலேயே சேர்த்ததற்கும் காரணம் உண்டு. பெரியப்பாவுக்கு மட்டும் எழுதினால் பெரியம்மா மனதில் அது நிற்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பானையும் மஞ்சள்கொத்தும் எதற்கு என்றான். தான் சொல்லிக்கொடுத்ததை அங்கே செய்கிறார்கள் என்று தெரிவதைவிடப் பெரியம்மாவுக்கு வேறென்ன வேண்டும்?

இதற்கு மேல் நீட்டக் கூடாது. பெரும்பாலும் பேரனோ பேத்தியோதான் வாசித்துக்காட்டுவார்கள். போன் திரையைத் தாண்டினால் பாதியில் நிறுத்திவிடுவார்கள். வர முடியாததற்கு நாலு வரி சமாதானம் எழுதுவதும் வேண்டாம். எப்போது வருகிறோம் என்ற ஒரு வரி போதும், ஆனால் அது உண்மையாக இருக்க வேண்டும்.

எழுதி முடித்ததும் அவன் அதையே மதுரை அத்தைக்கும் அப்படியே அனுப்பப் போனான். தடுத்தேன். அத்தைக்கு அவன் மகன் இல்லை, மருமகன். அங்கே உளுந்தும் கிடையாது. விளிப்பு, கேள்வி, முடிக்கும் உறவு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு வீட்டுக்கும் மாற்றித்தான் ஆக வேண்டும். வேறு யாரோ அனுப்பியதை ஃபார்வேர்டு செய்தால் அந்த அடையாளம் மேலேயே தெரியும். பார்த்தவுடன் மனசு விட்டுப்போகும்.

இன்னொன்றையும் அனுப்புவதற்கு முன் யோசிக்க வேண்டும். அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குள் துக்கம் நடந்திருந்தால் பல குடும்பங்களில் பண்டிகை கொண்டாட மாட்டார்கள். அங்கே வாழ்த்து என்ற பேச்சே வரக் கூடாது. "உங்களை நினைத்துக்கொண்டோம் அத்தை, சாயங்காலம் போன் பண்ணுகிறேன்" என்று எழுதினால் போதும். சொன்னபடி போன் பண்ணிவிடுங்கள்.

பெரியப்பாவிடமிருந்து அன்று மத்தியானம் பதில் எழுத்தில் வரவில்லை. அவரே கூப்பிட்டார். உளுந்து பாதிதான் எடுத்திருக்கிறதாம். பனங்கிழங்கு அவித்து பஸ்ஸில் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார்.