80 ரூபாய் ஊறுகாயின் அடக்க விலை

"ஒரு பாட்டிலுக்கு 34 ரூபாய் நிக்குது டீச்சர்" என்றார் குழுத் தலைவி. குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. இருக்க வேண்டியதுதான். அவர்கள் போட்ட வெட்டு மாங்காய் ஊறுகாயை அதற்கு முன்பே ருசி பார்த்திருந்தேன். துண்டு நறுக்கென்று கடிபட்டது, காரம் நாக்கில் நின்றது.

நத்தம் பக்கம் ஒரு கிராமம், மாந்தோப்புகள் நிறைந்த இடம். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து மகளிர் சுய உதவிக் குழுவினர் 14 பேர் உட்கார்ந்திருந்தார்கள். முப்பது வருடம் பள்ளியில் வணிகவியல் நடத்தியவள் என்பதால், ஊறுகாய்க்கு விலை வைப்பது பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சுக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் போனேன். தலைவி நீட்டிய கோடு போட்ட நோட்டைப் பார்த்ததும் குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

நோட்டில் கடைசியாகப் போட்ட ஊறுகாயின் கணக்கு இருந்தது. மாங்காய் 10 கிலோ, கிலோ 40 ரூபாய் வீதம் 400. நல்லெண்ணெய் 2 லிட்டர் 720. வத்தல் பொடி 700 கிராம் 210. பெருங்காயம் 70. உப்பு, மஞ்சள், கடுகு, வெந்தயம் எல்லாம் சேர்த்து 70. மொத்தம் 1,470 ரூபாய். வந்தது 32 பாட்டில். வகுத்தால் பாட்டிலுக்கு 46. விற்பது 80. ஆகவே லாபம் 34.

இதில் ஒரு விஷயத்தைப் பாராட்டத்தான் வேண்டும். வீட்டு அடுக்களையிலிருந்து எடுத்த எண்ணெயையும் பெருங்காயத்தையும் பல பேர் எழுதுவதே இல்லை. இவர்கள் எழுதியிருந்தார்கள். எழுதியதில் தப்பில்லை, எழுதாமல் விட்டதில்தான் கோளாறு.

"மாங்காயை வாங்கினது யாரு?" என்று கேட்டேன். ஒரு அக்கா கை தூக்கினார். சந்தைக்குப் போய், கெட்டியாகவும் புளிப்பாகவும் இருப்பதைப் பொறுக்கி, மூட்டையை ஷேர் ஆட்டோவில் ஏற்றி வர 2 மணி நேரம். ஆட்டோவும் பஸ்ஸும் 100 ரூபாய். அந்த 100 நோட்டில் இல்லை. தாளிக்கவும் வறுக்கவும் எரிந்த கேஸ் 40 ரூபாய், அதுவும் இல்லை. இரண்டையும் சேர்த்தால் 1,470 என்பது 1,610 ஆகிறது.

பிறகு நேரத்தை எழுத ஆரம்பித்தோம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "வீட்டு வேலைக்கு நடுவுல செஞ்சது, அதுக்கு என்ன கணக்கு?" என்றார் ஒருவர். இருக்கட்டும், எழுதித்தான் பார்ப்போமே என்றேன்.

சந்தை 2 மணி. மாங்காயைக் கழுவி ஒவ்வொன்றாகத் துணியால் துடைக்க ஒன்றரை. இரண்டு பேர் அரிவாள்மனையில் உட்கார்ந்து 2 மணி நேரம் நறுக்கினார்கள், ஆக 4. உப்பில் போட்டு 4 நாள் கிளறியதில் நாளுக்குக் கால் மணி வீதம் 1. வெந்தயமும் கடுகும் வறுத்துப் பொடிக்க ஒன்றரை, எண்ணெய் காய்ச்சித் தாளித்துக் கலக்க ஒன்றரை. பாட்டில் கழுவிக் காயவைக்க 1. நிரப்பி, வாயைத் துடைத்து, மூடி இறுக்கி, லேபிள் ஒட்ட இரண்டரை. எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்களைத் தேய்க்க 1. கூட்டினால் 16 மணி நேரம்.

கூடத்தில் சிரிப்பு அடங்கியது.

அந்த நேரத்துக்கு என்ன விலை போடுவது? இந்தக் கேள்விக்குப் பதில் புத்தகத்தில் இல்லை, அவர்கள் ஊரிலேயே இருந்தது. களையெடுக்கப் போனால் காலை எட்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை 300 ரூபாய் என்றார்கள். மணிக்கு 50. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேரமென்று வைத்தாலும் மணிக்கு 42 வருகிறது. ஊறுகாய் வேலைக்குப் பதிலாக அவர்கள் உண்மையிலேயே போகக்கூடிய வேலை களையெடுப்பு. அதனால் 50 என்றே வைத்தோம். 16 மணிக்கு 800 ரூபாய்.

பாட்டில் விஷயம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. கண்ணாடி பாட்டில் மூடியோடு 13, லேபிள் 3, கழுத்தில் சுருக்கி ஒட்டும் பிளாஸ்டிக் உறை 1, அட்டைப்பெட்டியில் பங்கு 3 என்று ஒன்றுக்கு 20 ரூபாய். பாட்டில் வாங்கிய காசு வேறு யாரோ ஒருவர் கையிலிருந்து போனதால் நோட்டுக்கு வரவேயில்லை. ஆனால் பெரிய ஓட்டை அங்கேயும் இல்லை. நான் கொண்டுபோயிருந்த சின்ன எடை மெஷினில் காலி பாட்டிலை வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, ஊறுகாய் நிரம்பிய பாட்டிலை வைத்தோம். 328 கிராம் காட்டியது. லேபிளில் அச்சடித்திருந்தது 300 கிராம்.

காரணம் எளிது. கடைக்காரர் விற்றது 300 மில்லி பாட்டில். மில்லி என்பது கொள்ளளவு. ஊறுகாய் தண்ணீரைவிடக் கனம், அதனால் கழுத்துவரை நிரப்பினால் 300 கிராமைத் தாண்டிவிடும். இவர்கள் கரண்டியால் கண் அளவில் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் பத்தரைக் கிலோ ஊறுகாய். எடை பார்த்து 300 கிராம் வீதம் நிரப்பினால் 35 பாட்டில், கண் அளவில் 32தான். மூன்று பாட்டில் ஊறுகாயை விலையில்லாமல் கொடுத்திருக்கிறார்கள். எடை குறைந்தால் சட்டப்படி குற்றம். கூடினால் யாரும் கேட்கமாட்டார்கள், நஷ்டம் நமக்கு.

32லும் எல்லாம் விற்கவில்லை. ஒன்று பெட்டிக்குள் எண்ணெய் கசிந்து லேபிள் ஊறிப்போனது. இன்னொன்று சந்தையில் ருசி பார்க்கத் திறந்தது. விற்றது 30. மீதம் இருப்பது பாத்திரத் தேய்மானமும் வட்டியும். தராசு, மிக்சி, ஜாடி எல்லாம் 9,600 ரூபாய்க்கு வாங்கியது. வருடத்துக்கு 24 முறை ஊறுகாய் போட்டு நான்கு வருடம் ஓடும் என்று வைத்தால் ஒரு முறைக்கு 100. ஊறுகாய் ஊறி, விற்று, பணம் கைக்கு வர இரண்டு மாதமாகிறது. அதுவரை குழுக் கடனுக்கு வட்டி சுமார் 50.

இப்போது கரும்பலகையில் இரண்டு வரி எழுதினேன். வரவு: 30 பாட்டில், 80 வீதம், 2,400 ரூபாய். செலவு, கூலியை விட்டுவிட்டு: பொருளும் கேஸும் வண்டியும் 1,610, பாட்டில் 640, தேய்மானமும் வட்டியும் 150. கூட்டச் சொன்னேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, கல்லூரிக்குப் போகும் பெண் முதலில் சொன்னாள்: "2,400."

வரவும் செலவும் சமம். 16 மணி நேர வேலைக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. கையில் ரொக்கம் புரண்டதால் அது தெரியவில்லை.

சரி, அடக்க விலைதான் என்ன? எடை பார்த்து 35 பாட்டில் நிரப்பினால் பொருள் 1,610, பாட்டில் 700, கூலி 800, மற்றவை 150. மொத்தம் 3,260. இரண்டு பாட்டில் சேதாரம் போக 33ஆல் வகுக்க வேண்டும். 35ஆல் வகுப்பது பலரும் செய்கிற தப்பு. விற்காத பாட்டிலின் செலவையும் விற்ற பாட்டில்தான் சுமக்க வேண்டும். வருவது 99 ரூபாய்.

"எண்ணெயைக் குறைச்சுக்கலாமா டீச்சர்?" என்றார் ஒருவர். கேள்வி நியாயமானது. பொருள் செலவில் பாதி எண்ணெய்தான். ஆனால் கைவைக்கக் கூடாத இடமும் அதுதான். துண்டுகள் எண்ணெய்க்கு மேலே தலை நீட்டினால் இரண்டே வாரத்தில் பூசணம் பிடிக்கலாம். ஒரு பாட்டில் திரும்பி வந்தால் அதன் விலையோடு பேரும் போகும். துடைப்பதிலும் பாட்டில் காயவைப்பதிலும் நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாதது இதே காரணத்தால்தான். குறைக்க முடிந்த இடம் வேறு. 10 கிலோவுக்குப் பதில் 20 கிலோ போட்டால் நறுக்குவது, துடைப்பது, பாட்டில் வேலை இரட்டிக்கும். சந்தைக்குப் போவது, கிளறுவது, வறுப்பது, தாளிப்பது, பாத்திரம் தேய்ப்பது அநேகமாக அப்படியேதான் இருக்கும். 32 மணிக்குப் பதில் 25 மணியில் முடிந்துவிடும். கூலி பாட்டிலுக்கு 24லிருந்து 19க்கு இறங்கும்.

அடுத்தது கடைக்காரர் கழிவு. நூற்றுக்கு 20 கேட்கிறார் என்றார்கள். 99க்கு மேல் 20 சதவீதம் கூட்டினால் 119, ஆகவே 120 போட்டுவிடலாம் என்று தலைவி கணக்குச் சொன்னார். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். கடைக்காரர் தன் 20 சதவீதத்தை விற்பனை விலையில் எடுக்கிறார், நம் அடக்க விலையில் இல்லை. 120ல் 24 அவருக்கு, நமக்கு 96, அடக்க விலைக்கு 3 ரூபாய் குறைவு. 99ஐ 0.8ஆல் வகுத்தால் 124. அது நஷ்டமில்லாத விலை மட்டும்தான். குழுவுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டுமானால் 140. அதில் கழிவு போக 112 வரும், 13 ரூபாய் மிஞ்சும்.

நேரில் விற்றால் 120க்கே கொடுக்கலாமே என்றார்கள். அச்சடிப்பது அதிகபட்ச விலை, அதற்குக் குறைத்து விற்கத் தடையில்லை. ஆனால் சந்தையில் 5 மணி நேரம் நின்றால் அதற்கும் கூலி 250. 20 பாட்டில் விற்றால் தலைக்குப் பன்னிரண்டரை ரூபாய் அதிலேயே போகும். மிஞ்சுவதாகத் தெரிந்த 21ல் எட்டரைதான் நிற்கும். அதோடு, கடைக்காரர் இருக்கும் அதே தெருவில் 120க்கு விற்றால் அவர் அடுத்த முறை சரக்கு எடுக்கமாட்டார்.

கூலியை எழுத வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. குழுவில் 14 பேர், ஊறுகாய் போட்டது 4 பேர். கூலியைத் தனியாகப் பிரிக்காமல் எல்லாவற்றையும் லாபமென்று சொல்லி 14ஆல் வகுத்தால், விரல் நுனி உப்பில் வெந்தவருக்கும் கூட்டத்துக்கு மட்டும் வந்தவருக்கும் ஒரே பங்கு. சண்டை அங்கேதான் கிளம்பும். மணிக்கணக்குப்படி கூலி முதலில் அந்த நான்கு பேருக்கு, அது போக மிஞ்சினால்தான் 14 பேருக்கும் பங்கு. இதைச் சொன்னபோது இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பேச்சு அங்கே ஏற்கெனவே ஓடியிருக்கிறது என்று புரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது தலைவி ஒரு கட்டைக் காட்டினார். 80 ரூபாய் என்று அச்சடித்த லேபிள், 180 மீதம். 540 ரூபாய்ச் சரக்கு. மேலே வேறு விலை ஒட்டி விற்கலாமா என்றார். அச்சடித்த விலைக்கு மேல் ஒட்டி விற்கக் கூடாது. அதையே பயன்படுத்தினால் பாட்டிலுக்கு 19 ரூபாய் போகும், 180 பாட்டிலுக்கு 3,420. 540ஐத் தலைமுழுகுவதுதான் மலிவு. ஆனால் அவர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை. ஒட்டுத்தாளின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்கு எழுந்தார் என்று இப்போது அதில்தான் எழுதி நோட்டுக்குள் செருகி வைக்கிறார்கள்.