ஓட்டியவர் ஊழியர், பொறுப்பு யாருக்கு?

1960 டிசம்பரில், நாக்பூரிலிருந்து கம்பெனி வேலையாகக் காரை ஓட்டிவந்தார் ஒரு பஞ்சு அரைவை ஆலையின் மேலாளர். உடன் ஏறிக்கொண்டவர் கம்பெனி ஆள் அல்லர். கார் சாலையை விட்டு எதிர்ப்பக்கம் இறங்கி மரத்தில் மோதியது, அவர் இறந்துபோனார். மனைவி நஷ்டஈடு கேட்டார். உயர் நீதிமன்றம் கைவிரித்தது.

1977இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பயணம் கம்பெனி வேலைக்கானது. அந்த வேலையினூடே மேலாளர் செய்த கவனக்குறைவுக்குக் கம்பெனியே பொறுப்பு. நேராகப் போகவேண்டிய கார் மரத்தில் மோதியதே கவனக்குறைவைக் காட்டுகிறது என்றது.

ஆனால் 1966இல் வந்த தீர்ப்பு வேறு. டாக்சி ஓட்டுநர், லைசென்ஸ் தேர்வுக்காக இன்னொருவரிடம் வண்டியைக் கொடுத்தார். விபத்து நடந்தது. அது முதலாளியின் வேலையே அல்ல என்பதால், அவர் தப்பினார்.

எனவே பாதிக்கப்பட்ட குடும்பம் முதலில் தேடவேண்டியது, அந்தப் பயணம் யாருக்காக என்பதற்கான ஆதாரத்தை: டெலிவரி சலான், டிரிப் ஷீட், அனுப்பியவரின் வாட்ஸ்அப் செய்தி. இவை சீக்கிரமே காணாமல் போய்விடும். ஊழியரின் சொந்த பைக்காக இருந்தாலும் இதே கேள்விதான்.