உங்களுக்குத் தெரியுமா? அஷ்டமியில் பிறந்தால் ராசி மாறலாம்!

வாக்கியப் பஞ்சாங்கத்தில் சந்திரனின் இடத்தைச் சொல்பவை வரருசியின் பெயரால் வழங்கும் 248 வாக்கியங்கள். ஒரு நாளுக்கு ஒரு வாக்கியம். 248 நாள் முடிந்தால் சுற்று மறுபடி தொடங்கும். சந்திரன் பூமிக்கு அருகே வந்தால் விரைவதும், விலகினால் தளர்வதும் இதில் அடக்கம். ஆனால் சூரியனின் ஈர்ப்பால் வரும் கூடுதல் தடுமாற்றம் இதில் இல்லை. திருக்கணிதம் அதையும் சேர்க்கிறது.

வேடிக்கை என்னவென்றால், அமாவாசை, பௌர்ணமியில் இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். பழைய கணக்கு கிரகணங்களைப் பார்த்துச் சரிசெய்யப்பட்டதாயிற்றே! அஷ்டமியை ஒட்டித்தான் பிழை பெருகி, சில மாதங்களில் இரண்டு பாகையைத் தாண்டும். சூரியனை விட்டுச் சந்திரன் ஒரு பாகை விலக ஏறத்தாழ இரண்டு மணி நேரம். ஆகவே திதி முடிவு ஐந்து மணி நேரம்கூட முன்பின் ஆகும்.

ஓர் உதாரணம்: வாக்கியப்படி சந்திரன் கடகத்தில் 29 பாகை, திருக்கணிதப்படி சிம்மத்தில் அரைப் பாகை. வித்தியாசம் ஒன்றரைப் பாகைதான். ஆனால் முதல் ஜாதகத்தில் ஆயில்யம், புதன் தசை இருப்பு சுமார் 1 வருடம் 3 மாதம். இரண்டாவதில் மகம், கேது தசை. சுக்கிர தசை ஒன்றில் 8 வயது 3 மாதத்திலும், மற்றதில் 6 வயது 9 மாதத்திலும் தொடங்கும். பொருத்தம் பார்க்கும்போது இரு வீட்டு ஜாதகமும் ஒரே முறையில் கணித்தவையா என்று முதலில் கேளுங்கள். ராசியின் நடுவில் சந்திரன் இருந்தால் ராசி மாறாது; நட்சத்திர எல்லையை ஒட்டி இல்லாவிட்டால் தசை இருப்பு மட்டும் நகரும்.