கென்னடியின் இரண்டு மிரட்டல்கள்

"அதைச் செய்தால் நடப்பதே வேறு" என்பது ஒரு மிரட்டல். "அதைச் செய்யாவிட்டால் நடப்பதே வேறு" என்பது இன்னொன்று. முதலாவது எதிராளியைத் தடுத்து நிறுத்தப் பார்க்கிறது, இரண்டாவது பணியவைக்கப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதை 1966இல் வெளிவந்த தன் நூலில் விளக்கினார் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஷெல்லிங். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே அதிபர் கென்னடி இரண்டையும் செய்து பார்த்துவிட்டார்.

1962 செப்டம்பர் 4 அன்று, கியூபாவில் தாக்குதல் ஏவுகணைகளை வைத்தால் நிலைமை மிக மோசமாகும் என்று சோவியத் யூனியனை அவர் வெளிப்படையாக எச்சரித்தார். இது தடுக்கும் மிரட்டல். கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தால் போதும். கெடு வேண்டாம். எதிராளியும் தலைகுனிய வேண்டியதில்லை; "எங்களுக்கு அப்படியொரு எண்ணமே இல்லை" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம்.

ஆனால் எச்சரிக்கை காலம் கடந்து வந்தது. குருஷ்சேவ் அந்தக் கோடைக்கு முன்பே முடிவெடுத்துவிட்டார். ஏவுகணைகளுடன் கப்பல் கடலில் வந்துகொண்டிருந்தது. கென்னடிக்குத் தெரியாமலேயே "தொடங்காதே" என்ற பேச்சு "திரும்பிப் போ" என்று மாறியிருந்தது. அது எடுபடவில்லை.

அக்டோபர் 14 அன்று யு-2 உளவு விமானம் எடுத்த படங்களில் ஏவுகணைத் தளங்கள் தெரிந்தன. இனி வைத்ததை எடுக்கவைக்க வேண்டும். இங்கேதான் சிக்கல். சும்மா காத்திருந்தால் ஏவுகணை அங்கேயே இருக்கும். மிரட்டுபவர்தான் முதல் அடி எடுத்துவைக்க வேண்டும், கெடு சொல்ல வேண்டும். பணிபவரோ உலகமே பார்க்கப் பின்வாங்க வேண்டும்.

22ஆம் தேதி கென்னடி கடல் முற்றுகையை அறிவித்தார். ஏவுகணைகளைக் கொண்டுவந்த கப்பல்கள் நின்றன, திரும்பின. அதாவது, புதிதாக வருவதை முற்றுகை தடுத்தது. தீவுக்குள் ஏற்கெனவே வந்துவிட்டதை அதனால் அசைக்க முடியவில்லை. தளங்களில் வேலை நிற்கவே இல்லை.

27ஆம் தேதி இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். மறுநாளே பதில் வேண்டும் என்றார். ஏவுகணைகளை எடுத்துவிட்டால் கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்ற உறுதியையும் தந்தார். துருக்கியில் சோவியத்தைக் குறிவைத்திருந்த அமெரிக்காவின் ஜூப்பிட்டர் ஏவுகணைகளும் சில மாதங்களில் போய்விடும், ஆனால் அது வெளியே தெரியக்கூடாது என்றார். பணிந்தால் அடுத்த அடி விழாது என்ற நம்பிக்கையும், முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழியும் இல்லாமல் யாரும் எளிதில் பணிவதில்லை. குருஷ்சேவுக்கு இரண்டும் கிடைத்தன. 28ஆம் தேதி மாஸ்கோ வானொலி ஏவுகணைகள் திரும்பப் பெறப்படும் என்று அறிவித்தது.

கென்னடி மிரட்டியே ஜெயித்தார் என்ற கதை பல ஆண்டுகள் ஓடியது. அது பாதிக் கதைதான். மீதிப் பாதியான ஜூப்பிட்டர் ஏவுகணைகள் 1963 ஏப்ரலுக்குள் துருக்கியிலிருந்து சத்தமில்லாமல் அகற்றப்பட்டன.