ஃபிரேம் ஓரத்தில் நழுவும் முகம்

2020-ல் வெளிவந்த ‘வெல்கம் டு செச்னியா’ என்ற ஆவணப்படத்தில், ரஷ்யாவின் செச்னியாவிலிருந்து உயிருக்குப் பயந்து தப்பி ஓடும் தன்பாலீர்ப்பாளர்களைப் பார்க்கிறோம். அவர்கள் பேசுகிறார்கள், அழுகிறார்கள், கட்டிப்பிடித்து விடைபெறுகிறார்கள். ஆனால், நாம் பார்க்கும் முகங்கள் அவர்களுடையவை அல்ல. இயக்குநர் டேவிட் ஃபிரான்ஸும் விஷுவல் எஃபெக்ட்ஸ் பொறுப்பாளர் ரையன் லேனியும், மனமுவந்து முகம் கொடுத்த தன்னார்வலர்களின் முகங்களைக் கணினி மூலம் அவர்கள்மேல் பொருத்தினார்கள். இப்படி 20-க்கும் மேற்பட்டவர்களின் அடையாளம் மறைக்கப்பட்டது. முகத்தைக் கறுப்புக் கட்டம் போட்டு மூடியிருந்தால் அவர்களுடைய கண்ணீரும் சேர்ந்து மறைந்திருக்கும். முகம் மாற்றியதால் உணர்ச்சி நின்றது, அடையாளம் போனது.

சினிமாவில் டூப் கலைஞரின் முகத்தில் நடிகரின் முகத்தை ஒட்டும்போது ஓரிடத்தில் பிசகினால் காட்சி கொஞ்சம் அசிங்கமாகும், அவ்வளவுதான். ஒருவரை மறைப்பதற்காக முகம் மாற்றும்போது அப்படிச் சொல்லிவிட முடியாது. அசல் முகம் ஒரே ஒரு ஃபிரேமில் தெரிந்தாலும், தேடுகிறவர் வீடியோவை அங்கே நிறுத்திப் பார்த்துவிடலாம். கையில் பிடித்து எடுத்த அவசரக் காட்சிகளில் அந்தக் கசிவு நடக்க அதிக வாய்ப்புள்ள இடம், திரையின் ஓரம். முகம் பாதி உள்ளே, பாதி வெளியே இருக்கும் அந்த அரை விநாடி.

ஒரு ஷாட்டை மனதில் வைத்துக்கொள்வோம். படம் 1920 பிக்சல் அகலம், விநாடிக்கு 24 ஃபிரேம். கேமரா திரும்ப, இடது ஓரத்திலிருந்து ஒருவர் உள்ளே வருகிறார். அவர் முகத்தின் அகலம் 400 பிக்சல். முழுமுகமும் உள்ளே வர 12 ஃபிரேம், அதாவது அரை விநாடி ஆகிறது. ஃபிரேமுக்குச் சுமார் 33 பிக்சல் வீதம் முகம் நகர்கிறது. முதல் ஃபிரேமில் கன்னத்தின் ஒரு கீற்று மட்டும். ஆறாவதில் பாதி முகம். பன்னிரண்டாவதில் முழுமுகம்.

முகமாற்று மென்பொருள் முதலில் ஒவ்வொரு ஃபிரேமிலும் முகத்தைக் கண்டுபிடிக்கிறது. பிறகு கண், மூக்கு, வாய், தாடை ஆகியவற்றில் புள்ளிகளைக் குறிக்கிறது. பல மென்பொருள்களில் 68 புள்ளிகள். அவற்றை வைத்து முகத்தை நேராக்கி வெட்டியெடுத்து, புதிய முகத்தை உருவாக்கி, பழைய இடத்திலேயே திரும்ப ஒட்டுகிறது. எல்லாம் அந்த முதல் படியில்தான் நிற்கிறது. பாதி முகம்கூடத் தெரியாதபோது, கண்டுபிடிக்கும் நிரல் அங்கே முகமே இல்லை என்று முடிவு செய்யக்கூடும். நம் ஷாட்டில் ஆறாவது ஃபிரேமில்தான் அது விழித்துக்கொள்கிறது என்றால், முதல் ஐந்து ஃபிரேம்களில் அசல் முகம் அப்படியே நிற்கும். விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம். ஓடும் படத்தில் பார்வையாளர் கண்ணுக்கு அது ஒரு சிறு துடிப்பாகத்தான் படும்.

முகத்தைக் கண்டுபிடித்த பிறகும் சிக்கல் தீராது. வெளியே இருக்கும் கண் எங்கே என்று நிரல் ஊகிக்கிறது. அந்த ஊகம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் புதிய முகம் நடுங்கும், சில நேரம் ஒடுங்கி ஓரத்துக்குள் முழுசாக அடங்கிவிடவும் பார்க்கும். அரை முகம் தெரிய வேண்டிய இடத்தில் குறுகலான முழுமுகம் ஒன்று நின்றால், பிழை இங்கேதான் என்று கொள்ளலாம்.

இதற்கு நான் நம்பும் வழி ஒன்றுதான். முகம் எங்கே இருக்கிறது என்ற முடிவை, அது அரைகுறையாகத் தெரியும் ஃபிரேமிடம் விடக்கூடாது. முழுமுகம் தெரியும் பன்னிரண்டாவது ஃபிரேமிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். அங்கே முகத்தின் மையம் இடது ஓரத்திலிருந்து 200 பிக்சல் உள்ளே. ஆறாவதில் மையம் சரியாக ஓரத்தின்மேல். முதல் ஃபிரேமில் அது திரைக்கு வெளியே, ஏறக்குறைய 167 பிக்சல் தள்ளி. கை நடுங்கும் கேமராவில் நகர்வு இவ்வளவு சீராக இருக்காது. எனவே, கூடவே நகரும் வேறொன்றைப் பின்தொடர வேண்டும். ஆள் நடந்து வருகிறார் என்றால் சட்டைக் காலரையோ தோளையோ. ஆள் நின்றபடி கேமரா மட்டும் திரும்புகிறது என்றால், பின்னால் உள்ள சுவரையோ கதவு நிலையையோ. தலை தனியாகத் திரும்பினால் காலர் பொய் சொல்லும். அப்போது கம்பாசிட்டர் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் திருத்துவதைத் தவிர வழியில்லை.

மையம் திரைக்கு வெளியே போகும் என்றால், வெளியே இடமும் இருக்க வேண்டுமே! அதனால் வேலை தொடங்கும் முன்பே படத்தைச் சுற்றிலும் 400 பிக்சல் விளிம்பு சேர்த்து, 2720-க்கு 1880 என்று பெரிதாக்கிக்கொள்கிறார்கள். முடிந்ததும் பழைய அளவுக்கு வெட்டிவிடலாம். அந்த விளிம்பை எதைக்கொண்டு நிரப்புவது என்பதில்தான் கவனம் வேண்டும். கறுப்பாக விட்டால், பாதி கறுப்பான முகத்தைப் பார்த்துப் பழகாத நிரல் புதிய முகத்திலும் கருமை பூசலாம். ஓரத்தில் உள்ளதைக் கண்ணாடிப் பிம்பம்போல் வெளியே திருப்பி நிரப்புவது இன்னும் மோசம். பாதி முகமும் அதன் பிம்பமும் சேர்ந்து, இல்லாத ஒரு நேர்முகத்தை உண்டாக்கிவிடும். நிரலும் அதை நம்பி அங்கே புள்ளி வைக்கும். முழுமுகம் தெரிந்த பக்கத்து ஃபிரேமிலிருந்து விடுபட்ட பகுதியை எடுத்துப் பொருத்தி நிரப்புவதே சரி.

விளிம்பு சேர்ப்பதால் இன்னொரு கசிவும் அடைபடுகிறது. புதிய முகத்தை ஒட்டும் மாஸ்க்கின் ஓரத்தை மென்மையாக மங்கவைப்பது வழக்கம். திரையின் ஓரத்தையே முகத்தின் ஓரம் என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால், அங்கேயும் மங்கவைத்துவிடும். விளைவு, திரையோரம் நெடுக ஒரு மெல்லிய பட்டையில் அசல் தோல் தெரியும். மாஸ்க் திரையைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் இது நேராது. வேகமாக வரும் முகத்தின் கலங்கலுக்கும் இதே கதைதான். ஷட்டர் ஃபிரேமின் பாதி நேரம் திறந்திருந்தால் நம் முகம் 16, 17 பிக்சல் கலங்கித் தெரியும். அந்தக் கலங்கலில் ஒரு பங்கு திரைக்கு வெளியே உள்ள முகத்திலிருந்து வருவது. நிற அளவையும் முழுமுக ஃபிரேமிலிருந்தே எடுத்துக்கொள்வது நல்லது. கன்னத்தின் கீற்றை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் முகம் ஒளிர்ந்து மங்கி மின்னும்.

இவ்வளவு செய்தாலும் காது மிஞ்சும். இந்த முறை பெரும்பாலும் புருவத்துக்கு மேலிருந்து தாடை வரையே மாற்றுகிறது. பக்கவாட்டில் உள்ளே வருபவரின் காதும் கழுத்து மச்சமும் முதலில் வந்துவிடும். தெரிந்தவர் ஒருவரை அடையாளம் காண அவையே போதும். அங்கே முகமாற்றை நம்பாமல் அந்தப் பகுதியை மங்கலாக்கிவிட வேண்டும்.

முடிந்தது என்று சொல்லும் முன் ஒரு சோதனை அவசியம். அசலையும் மாற்றியதையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்துப் பார்ப்பது. மாறிய இடங்கள் வெளிச்சமாகத் தெரியும், மாறாதவை கறுப்பாக இருக்கும். முகம் இருக்க வேண்டிய இடத்தில், குறிப்பாகத் திரையோரத்தில், கறுப்பு இருந்தால் அங்கே அசல் முகம் கசிந்துகொண்டிருக்கிறது.

அப்படியும் அடங்காத ஃபிரேம்களை வெட்டி எறிந்துவிடலாம். நம் ஷாட்டைப் பன்னிரண்டாவது ஃபிரேமிலிருந்து தொடங்கினால் கதைக்கு அரை விநாடிதான் நஷ்டம். அல்லது படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளலாம். 4கே-யில் எடுத்து ஹெச்டி-யில் வெளியிடுபவர்களுக்குத் தெளிவு குறையாமல் இது முடியும். ஆனால், அப்படி வெளியே தள்ளியது அழிவதில்லை, மூலக் கோப்பில் இருக்கும். பிறகு வேறொருவர் அதே மூலத்திலிருந்து டிரெய்லரோ, கைபேசிக்கான செங்குத்து வடிவமோ வெட்டினால் மறைத்த கன்னம் திரும்ப வந்துவிடும். எனவே, வெளியே போகும் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக ஓரம் ஓரமாகச் சோதிக்க வேண்டும். டிரெய்லர் வெட்டுபவருக்கு முகம் மாற்றி முடித்த பிரதியை மட்டுமே கொடுக்க வேண்டும்.